அலுவலக நேரத்தில் அழைக்கலாம்

வேலையை விட்டுப் போகிறவர்கள் எழுதும் மெயில்களில் "தனிப்பட்ட காரணங்களால்" என்று ஒன்று வரும். அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருந்தால் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் பேசாமல் போக வேண்டும். இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனால் மிச்சப் பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கிடக்கிறதா? நாதன் அண்ணனும் அப்படித்தான் எழுதினார். ஒன்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்த மனிதர்.

பாக்கியநாதன் என்பது முழுப் பெயர். பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். சின்ன ஹொட்டேல்காரர்களும், வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்களும் அறைப் பதிவுகளை வைத்துக்கொள்ள ஒரு சொஃப்ட்வெயார் செய்து விற்கிறோம். எல்ல என்கிற ஊர்ப் பக்கம் வெளிநாட்டுக்காரர் தங்குகிற வீடுகளில் பாதிக்கு மேல் எங்களுடையதுதான் ஓடுகிறது என்று முதலாளி ஷுக்ரி சேர் சொல்வார். அது அவருடைய கணக்கு. நாதன் அண்ணன் அங்கே டெஸ்டர். நான் டிலக்ஷி, நானும் டெஸ்டர்தான், அவருக்கு அடுத்தவள். புரோகிராமர் றமேஸ் எழுதிக் கொடுப்பதை வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் நாங்கள் உடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்தால் திருப்பி அனுப்புவோம். உடையாவிட்டால் "பாஸ்" போடுவோம். கடைசியில் "வெளியிடலாம்" என்று ஒரு மெயில் போக வேண்டும். அந்த மெயிலை அனுப்புகிற உரிமை நாதன் அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது.

அவர் பசறைக்கு மேலே, மடுல்சீமைப் பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். அம்மா கொழுந்து பறித்துத்தான் அவரை ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்தார். பிறகு பதுளையில் ஒரு கணினி டிப்ளோமா. பசறையில் டியூஷன் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் சொல்லிக் கொடுத்தார். அங்கிருந்து இங்கே வந்தார். மனைவி அற்புதமலர், தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை, கொழுந்துக்குப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். வீடு இன்னும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான். டவுனில் ஒரு அறை எடுக்கச் சொல்லி நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "அங்க காத்து இருக்கு, இங்க என்ன இருக்கு" என்பார். காற்றைச் சாப்பிட முடியுமா என்று கேட்பேன். சிரிப்பார்.

வேலையில் மட்டும் சிரிப்பு இல்லை. றமேஸ் ஒரு தடவை, "அண்ணே, இது சின்ன விசயம், அடுத்த ரிலீசுல பாத்துக்குவோம், பாஸ் போட்டுருங்க" என்றான். நாதன் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாஸ்னா பாஸ். அரைப் பாஸ்னு ஒண்ணு என்கிட்ட இல்ல" என்றார். றமேஸ் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

போன வருடம் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் நாலரை மணிக்கே எழும்பிப் போக ஆரம்பித்தார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார், அதனால் யாரும் கேட்கவில்லை. றமேஸ் மட்டும், "கோழி அடையிற நேரம் வந்துருச்சு" என்பான். அப்புறம் அவருக்கே கோழி அண்ணன் என்று பெயர் வைத்துவிட்டான். நாலரை அடித்ததும் நாதன் அண்ணனே "கோழி கிளம்புது" என்று சொல்லிக்கொண்டு பையைத் தூக்குவார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

அதற்குப் பிறகுதான் எல்லயில் அந்தக் கூத்து நடந்தது. ஒரு விருந்தினர் விடுதியில் ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் போய்விட்டது. மழையில் பெட்டியோடும் பிள்ளைகளோடும் ஒரு குடும்பம் வாசலில் நிற்க, விடுதிக்காரர் ஷுக்ரி சேரைப் போனில் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்தார். பார்த்தால் கோளாறு புதிய ரிலீசில். ஒரு பதிவைச் சேமிக்க முடியாமல் போனால் திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புச் செய்தி வந்து, கொஞ்சம் நின்று, மறைந்துவிடும். நடுத்திரையில் எல்லாம் சரியாகச் சேமித்தது போலவே இருக்கும். விடுதியில் இருந்தவர் மூலையைப் பார்க்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர் நாதன் அண்ணன். அவர் அந்தச் சோதனைக்கு "பாஸ்" போட்டிருந்தார்.

ஷுக்ரி சேர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "எல்லாருக்கும் நடக்கிறதுதான் நாதன்" என்றார். நாதன் அண்ணன் தன் லெப்டொப்பில் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்புச் செய்தி வந்து வந்து போனது. நான் என் மேசையில் இருந்தே பார்த்தேன்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. ஷுக்ரி சேருக்கு, எனக்கும் றமேசுக்கும் ஒரு பிரதி. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தனிப்பட்ட காரணங்களால் சிரேஷ்ட டெஸ்டர் பதவியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தல் தருகிறேன். அந்த மாதத்தில் என் பொறுப்புகள் அனைத்தையும் டிலக்ஷியிடம் முறையாக ஒப்படைப்பேன். விலகிய பின்னும் ஒரு மாதத்துக்கு, அலுவலக நேரத்தில், எந்தச் சந்தேகத்துக்கும் என் தொலைபேசியில் அழைக்கலாம். இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி.

மேசைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. வாயைத் திறந்து சொல்ல முடியாதா?

"என்னாங்க அண்ணே இது?"

"மெயில்ல இருக்கே" என்றார்.

ஒபிசில் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். கொழும்பில் எந்தக் கொம்பனியோ ஆளைத் தூக்கிவிட்டது. ஷுக்ரி சேர் அவரை உள்ளே கூப்பிட்டுச் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னாராம். அண்ணன் வேண்டாம் என்றாராம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்டுக்குத்தான்" என்றாராம். றமேஸ் நம்பவில்லை. "வீட்டுக்குப் போறவன் ஏன் சம்பளத்த வேணாங்குறான்? எல்லயில மாட்டின பிறகு மரியாதையா கழண்டுக்கிறாரு, அவ்வளவுதான்" என்றான். எனக்கு அவனிலும் கோபம், அண்ணனிலும் கோபம்.

ஒப்படைப்பு தொடங்கியது. என் கதிரையை இழுத்து அவர் மேசையோடு போட்டுக்கொண்டேன். அவரைப் போல ஒப்படைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. எந்தப் பரிசோதனைக் கணக்குக்கு என்ன உரிமை, எந்த விடுதிக்காரர் எந்தப் பழைய போனில் பார்க்கிறார், முடியாமல் கிடக்கிற கோளாறுகளில் எது உண்மையானது, எது றமேஸ் "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லி மூடிவைத்தது, எல்லாம் எழுதியிருந்தார். சோதனைகளை ஒவ்வொன்றாக நான் ஓட்டிக்காட்ட வேண்டும், அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். மறுநாள் அவர் ஓட்டுவார், நான் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பழைய சோதனைகள் எல்லாவற்றிலும் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். "திரையின் நான்கு மூலைகளையும் பார்க்கவும்." உள்நுழைவதற்கு, பதிவு போடுவதற்கு, ரத்துச் செய்வதற்கு, பில் அடிப்பதற்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில் அதே வரி.

"ஒரு தடவ மாட்டினதுக்கு இவ்வளவா? நான் என்ன குருடியா, மூலய பாக்காம இருக்க?" என்று கேட்டேன்.

 அவர் கையை நீட்டித் தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போனார். கை போத்தலுக்குப் பக்கத்தில் போய் வெறும் மேசையைத் தொட்டது. பிறகு தலையைத் திருப்பிப் பார்த்து எடுத்தார்.

நான் டெஸ்டர். சந்தேகம் வந்தால் வாயால் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டேன், சோதித்துப் பார்ப்பேன். அன்றைக்கு அவர் சாப்பிடப் போன நேரத்தில் றமேசிடம் சொல்லி, எங்கள் சோதனைப் பதிப்பில் அந்தப் பழைய கோளாறைத் திருப்பிப் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். நீ போடு என்றேன். அண்ணன் வந்து கதிரையில் உட்கார்ந்து பதிவுச் சோதனையை ஓட்டினார். வலது மூலையில் சிவப்புச் செய்தி வந்தது, நின்றது, மறைந்தது. அவர் நடுத்திரையை உற்றுப் பார்த்தார். தானே எழுதிய அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்து தலையை மூலைக்கு மூலை திருப்பினார். அதற்குள் ஒன்றுமில்லை.

"பாஸ்" என்றார்.

நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பினார். அப்போது அவருக்கு விளங்கிவிட்டது.

"திருப்பிப் போட்டியா?"

"ஆமா."

"நல்ல டெஸ்டர்தான் நீ" என்றார்.

கீழே தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் அவர் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவதை ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளிச்சம் குறைந்தால் தெரியாது என்றார். அது சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இருந்ததாம், யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது ஓரமும் தெரிவதில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்து, கண்டிக்கு அனுப்பி, கண்டியில் ஒரு பெண் டொக்டர் படம் வரைந்து காட்டினாராம். பார்வை ஒரு வட்டம், அது ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. மருந்து இல்லை, கண்ணாடியும் சரிவராது. எவ்வளவு காலத்தில் மூடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

"ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி இருக்கு. குழாய்க்குள்ள எல்லாம் நல்லா தெரியும். உன் மூஞ்சி தெரியுது. அழாத."

"நான் அழல."

"சரி."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு பெரிய விசயத்தைத் தூக்கிக்கொண்டு, மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்கி, எங்கள் கோழிப் பகிடிக்கும் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறார். யாரிடமும் ஒரு சொல் இல்லை.

"கண்ணு தெரியாதவங்களும் டெஸ்டிங் செய்றாங்க அண்ணே. திரையில இருக்கிறத வாசிச்சுக் காட்டுற சொஃப்ட்வெயார் இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். வீட்டுல பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் கை வரல. வர்ற வரைக்கும் ஷுக்ரி சேர் எனக்கு முழுப்பேர் போடணுமா?"

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். இதை நான் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். அவர் அதற்குள்ளேயே வளர்ந்தவர். கடைசி வருடங்களில் அவருடைய அம்மாவுக்குக் கை மரத்துப் போய் நிறை வரவில்லையாம். பக்கத்தில் பறிக்கிற பெண்கள் தங்கள் கொழுந்தில் ஒரு பிடி எடுத்து அந்தக் கூடையில் போட வந்தால், அம்மா கூடையைத் திருப்பிக்கொள்வாராம். சாயங்காலம் நிறுவையில் எல்லோருக்கும் முன்னால் நின்று, "எனக்கு அரைப்பேர் போடுங்க கணக்கப்புள்ள" என்று தானே சொல்வாராம்.

"அவர் சொல்றதுக்கு முந்தியே சொல்லிரும் அம்மா. அவர் வாயால வரக்கூடாதுன்னு. நான் எல்லயில அந்தப் புள்ளைங்கள மழையில நிக்க வச்சுட்டேன் டிலக்ஷி. நான் பாஸ் போட்டதுல எது உண்மையான பாஸ், எது நான் பாக்காத பாஸ்னு எனக்கே தெரியல. இனி எப்படி 'வெளியிடலாம்'னு எழுதுறது?"

"சேர்கிட்ட சொல்லுங்க. மெயில திருப்பி எடுங்க. வேற வேல தருவார்."

"நீ சொல்லாத" என்றார்.

நான் சொன்னேன். அடுத்த நாள் காலையிலேயே போய்ச் சொன்னேன். இன்னொரு தடவை வந்தாலும் சொல்வேன். ஒரு மனிதனுக்கு வேலைதான் மிச்சம் என்றால் அதை அவன் மரியாதையாகத் தூக்கி எறிவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.  கேட்டதும் ஷுக்ரி சேருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனை உள்ளே கூப்பிட்டார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"என்ன நாதன், என்கிட்ட ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே. நான் என்ன பிறத்தியானா?"

"இல்ல சேர்."

"நீங்க எங்கயும் போக வேணாம். அந்த மெயில நான் பாக்கல்லன்னு வச்சுக்குவோம். வேலய டிலக்ஷி பாத்துக்குவா. நீங்க சும்மா வந்து இருங்க. சம்பளம் பாட்டுக்கு வரும்."

அந்தச் 'சும்மா' விழுந்த இடத்தை நான் பார்த்தேன். நாதன் அண்ணனின் முகம் அப்படியே இருந்தது, கைதான் கதிரையின் விளிம்பைப் பிடித்தது. சேர் மனதாரத்தான் சொன்னார். தன் வீட்டு மனிதனுக்குச் சொல்வது போலச் சொன்னார். இதைவிடப் பெரிய மனதை இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது? ஆனால் வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அண்ணன் இருந்திருப்பார். ஒரு கஷ்டமான வேலையைக் கொடுத்து, இதைச் செய்து தா என்று உறுக்கியிருந்தால்கூட இருந்திருப்பார். எனக்கு ஷுக்ரி சேரின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

"உங்க மனசுக்கு நன்றி சேர். மெயில்ல போட்ட திகதி அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"பிடிவாதம் பிடிக்காதீங்க நாதன்."

"பிடிவாதம் இல்ல சேர். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நின்னுட்டு வேல செய்யாம பேர் வாங்க எங்க வீட்டுல யாரும் பழகல."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "எழுபத்திரண்டாவது சோதனையில விட்டோம்" என்றார். ஒப்படைப்பைத் தொடர்ந்தோம். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி மனதை ஆற்றியிருப்பேன்.

றமேசுக்கு விசயம் தெரிந்த பிறகு அவன் கோழி என்று சொல்வதை நிறுத்திவிட்டான். நாலரை மணிக்கு ஒபிசே அமைதியாகிவிடும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அண்ணன் மூன்றாவது நாள் தானாகவே, "கோழி கிளம்புது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. றமேஸ் எழும்பி, பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனான். மிச்ச நாட்களும் அவன்தான் போனான்.

கடைசி நாளில் கேக் வாங்கியிருந்தோம். சேர் இரண்டு வார்த்தை பேசத் தொடங்கி முடிக்காமல் விட்டார். லெப்டொப், சாவி, ஒபிஸ் அடையாள அட்டை எல்லாவற்றையும் அண்ணன் என் மேசையில் அடுக்கி வைத்தார். அந்தக் கடைசி வாரத்து ரிலீசுக்கு "வெளியிடலாம்" மெயிலை என் பெயரில் என்னைக் கொண்டே அனுப்பச் செய்தார். நான் அனுப்பியதும், "நாலு மூலையும் பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். பிறகு அவருடைய கணக்கை மூட வேண்டும், அது ஒப்படைப்பின் கடைசிப் படி. அவர் பக்கத்தில் இருக்கும்போதே றமேஸ் அதை மூடினான். எல்லாத் திரைகளிலும் அவருடைய பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது. "சரியா மூடிருச்சான்னு ஒருக்கா உள்ள போயி பாரு" என்று என்னிடம் சொன்னார். பார்த்தேன். உள்ளே விடவில்லை. அந்தச் சோதனையும் பாஸ்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்களுக்கு அவரைக் கூப்பிடத் தேவையே வரவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். எங்கே சிக்குப்பட்டாலும் அந்த ஆவணத்தைத் திறந்தால், அங்கே அதே சிக்கல், அதே விடை. ஒரு தடவை, நானே நினைத்துப் பார்க்காத ஒரு கேள்விக்குக்கூட, "இப்படி வந்தால் பயப்படாதே" என்று எழுதியிருந்தார். நாங்கள் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டோம். நாதன் அண்ணன் மாதிரி ஒப்படைக்க ஆள் கிடையாது என்று சேர் புதிதாக வந்த பெண் முஹ்ஸினாவிடம் சொன்னார்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள் அற்புதமலர் அண்ணி எனக்குப் போனில் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, ஒபிஸ்ல அவரோட எல்லாரும் கோவமா?"

"ஐயோ இல்ல அண்ணி. ஏன்?"

"இல்ல, யாரும் ஒரு கோல் எடுக்கலயே."

லயத்தில் சிக்னல் இல்லை. மேலே, பாதை வளைகிற இடத்தில் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில்தான் போன் வேலை செய்யும். அண்ணன் தினமும் காலையில் ஒபிசுக்குப் போகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, கல்படி ஏறி அங்கே போய் இருக்கிறாராம். அலுவலக நேரத்தில் அழைக்கலாம் என்று எழுதிவிட்டாராம், அழைக்கும்போது போன் கிடைக்கவில்லை என்றால் சொன்ன சொல் என்னாவது என்கிறாராம். சாப்பாட்டை அண்ணி மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறார். மழை பெய்தால் கெபிக் கூரைக்குக் கீழே ஒதுங்கி இருப்பாராம். பிள்ளைக்காம்பரா மூடிய பிறகு அண்ணி போய்க் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு வருவாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு.

 அந்த வரியை நாங்கள் யாருமே வரியாக எடுக்கவில்லை. வேலையை விடுகிற எல்லோரும் எழுதுவதுதானே அது. மரியாதைக்கு எழுதுவது. எழுதியவரும் மறந்துவிடுவார், வாசித்தவரும் மறந்துவிடுவார். இவர் அதை வேலை என்று எடுத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏதாச்சும் ஒண்ணு கேளுங்க தங்கச்சி. சின்னதா ஒண்ணு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

போனை வைத்துவிட்டு ஆவணத்தைத் திறந்தேன். உண்மையாகவே ஒரு கேள்வி வேண்டும். அவருக்குப் பொய்க் கேள்வி கொண்டுபோகக் கூடாது. பக்கம் பக்கமாகத் தேடினேன். முஹ்ஸினாவையும் தேடச் சொன்னேன். றமேசைக் கூப்பிட்டு, "ஏதாவது உடைச்சுத் தாடா" என்றேன். அவன் உடைத்துத் தந்ததற்கும் அதில் விடை இருந்தது. நாசமாய்ப் போன மனிதர், ஒரு ஓட்டை விட்டு வைத்திருக்கக் கூடாதா? அப்படியே நாட்கள் போய், அவருடைய மாதத்தின் கடைசி நாளும் வந்துவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு வேறு வழியில்லாமல் கோல் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு டிலக்ஷி."

"அண்ணே, ஒரு சந்தேகம். ரத்துச் செஞ்ச பதிவ திருப்பி எடுக்கிற சோதனையில, பழைய போன்ல திகதி ஒரு நாள் பிந்திக் காட்டுது. அது கோளாறா, இல்ல அந்தப் போன்ட நேரம் பிழையா?"

 அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"முதல்ல போன்ட நேர வலயத்தப் பாரு. அது இலங்கைக்கு வச்சிருக்கான்னு பாரு. வச்சிருந்தும் பிந்தினா கோளாறு. றமேசுக்கு அனுப்பு. போன்ட மொடல எழுத மறக்காத."

"சரி அண்ணே."

"மொதல்ல எந்தப் போன்ல பாத்த?"

நான் திணறி ஏதோ ஒரு போனின் பெயரைச் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு வழி சொன்னார். நிதானமாக, ஒவ்வொன்றாக, நான் எழுதிக்கொள்ள நேரம் விட்டு. நான் உண்மையாகவே எழுதினேன். சேர் சுகமா என்று கேட்டார். றமேசை விசாரித்தார். கண் எப்படி என்று நான் கேட்டதற்கு, "குழாய் இருக்கு" என்றார். வாசிக்கிற சொஃப்ட்வெயார் இப்போது கொஞ்சம் கைக்கு வந்திருக்கிறதாம்.

"வேற ஏதும் இருக்கா?"

"இப்போதைக்கு இல்ல அண்ணே."

"சரி. இன்னையோட ஒரு மாசம் முடியுது. பனி இறங்குது, நானும் இறங்கணும். வைக்கிறேன்."

அவர் வைக்கவில்லை. பனியில் பட்டனைத் தேடி வேறு எங்கோ அமர்த்தியிருக்க வேண்டும். போன் திறந்தபடியே இருந்தது. யாரோ படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணியின் குரல்.

"என்னாங்க, இன்னைக்கு வேல இருந்திச்சா?"

"இருந்திச்சு. டிலக்ஷி எடுத்திச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"முப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல இருக்கிறத" என்றார் நாதன் அண்ணன். "பாவம், எனக்காகத் தேடிப் புடிச்சு எடுத்திருக்கு."

அண்ணி அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிறகு, "இங்க ஒரு படி" என்றார். "இன்னொண்ணு."

"அரைப்பேர் போட்டுக்க" என்றார் அவர்.

நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. படிக்குப் படி சிக்னல் விட்டுவிட்டு வந்து, கடைசியில் தானாகவே அறுந்தது.